முதலில் எடுத்தவர் யார்? – நுழைவுத் தேர்வின் எண்ணுதல் கணக்குகளைப் பற்றி

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு வரிசை மாற்றங்களும் சேர்வுகளும் நடத்தத் தொடங்கும்போது, ஆண்டுதோறும் முதல் கணக்காக ஒன்றையே கரும்பலகையில் எழுதுகிறேன். ஆறு ஆண்களும் நான்கு பெண்களும் இருக்கிறார்கள், அவர்களிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும், குழுவில் குறைந்தபட்சம் இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், எத்தனை வழிகள்? சூத்திரங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகள்தான். எனினும் பாதிப் பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் எழுதிக் காட்டும் விடை 336.

அவர்கள் வரும் வழி மிகவும் இயல்பானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பெண்களாவது வேண்டும் என்பதால், முதலில் நான்கு பெண்களில் இருவரை எடுத்து வைத்துவிடுகிறார்கள்; அதற்கு ⁴C₂ = 6 வழிகள். நிபந்தனை நிறைவேறிவிட்டது, இனி யார் வந்தாலும் கவலையில்லை என்று நினைத்து, மீதமிருக்கும் எட்டுப் பேரில் எந்த மூவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள்; அதற்கு ⁸C₃ = 56 வழிகள். பெருக்கினால் 6 × 56 = 336. ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் சரி. எண்ணுதலின் அடிப்படைக் கொள்கையையும் மீறவில்லை. ஆனாலும் விடை தவறு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, இந்தக் கட்டத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், நிபந்தனையே இல்லாம பத்துப் பேர்ல அஞ்சு பேர எடுத்தாலே மொத்தம் 252 தானே வருது? அப்புறம் எப்படி 336 வரும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் அன்றிலிருந்து இந்தப் பாடத்தின் நுழைவாயிலாக வைத்துக்கொண்டிருக்கிறேன். ¹⁰C₅ = 252 என்பது எந்தக் கட்டுப்பாடும் இல்லாத குழுக்களின் எண்ணிக்கை. கட்டுப்பாடு விதித்தால் எண்ணிக்கை குறைய வேண்டுமே தவிர, கூடுவதற்கு வழியில்லை. அப்படியானால் 336-இல் சில குழுக்கள் ஒருமுறைக்கு மேல் எண்ணப்பட்டிருக்கின்றன.

எங்கே எண்ணப்பட்டன என்பதைக் கண்ணால் காணச் செய்யாமல் அடுத்த கணக்குக்குப் போகக் கூடாது. நான்கு பெண்களுக்கும் மலர், கயல், வள்ளி, தேன்மொழி என்று பெயர் வைப்போம். மலர், கயல், வள்ளி ஆகிய மூவரும், எழிலும் கபிலனும் உள்ள ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மலரையும் கயலையும் எடுத்து, பிறகு வள்ளியை எழிலோடும் கபிலனோடும் சேர்த்தால் இந்தக் குழு வரும். முதலில் மலரையும் வள்ளியையும் எடுத்து, பிறகு கயலைச் சேர்த்தாலும் இதே குழுதான். முதலில் கயலும் வள்ளியும், பிறகு மலர் என்றாலும் அதேதான். ஆக, மூன்று பெண்கள் உள்ள ஒவ்வொரு குழுவும் ³C₂ = 3 முறை எண்ணப்பட்டுவிட்டது. நான்கு பெண்களும் உள்ள குழு ⁴C₂ = 6 முறை எண்ணப்பட்டிருக்கிறது. சரியாக இரண்டு பெண்கள் உள்ள குழு மட்டுமே ஒருமுறை எண்ணப்பட்டது.

இதைச் சரிபார்க்கவும் முடியும். இரண்டு பெண்கள் உள்ள குழுக்கள் ⁴C₂ × ⁶C₃ = 120; மூன்று பெண்கள் உள்ளவை ⁴C₃ × ⁶C₂ = 60; நான்கு பெண்கள் உள்ளவை 1 × 6 = 6. ஆகவே உண்மையான விடை 120 + 60 + 6 = 186. தவறான வழி எண்ணியதோ 120 × 1 + 60 × 3 + 6 × 6 = 120 + 180 + 36 = 336. தவறான விடை எப்படிப் பிறந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பிறகுதான் பிள்ளைகளின் முகத்தில் தெளிவு வருகிறது. "அந்த வழி தவறு, இந்த வழியில் போடு" என்று மட்டும் சொன்ன ஆண்டுகளில், அடுத்த மாதத் தேர்விலேயே அதே தவறு திரும்ப வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தவறுக்கு வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் "எடுத்து வைத்துவிட்டு நிரப்புதல்". இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: முடிந்துபோன குழுவை மட்டும் பார்த்து, இதில் முதல் படியில் எடுக்கப்பட்டவர்கள் யார் என்று சொல்ல முடியுமா? சொல்ல முடிந்தால் பெருக்கியது சரி. சொல்ல முடியாவிட்டால், அந்தக் குழு பல வழிகளில் வந்திருக்கிறது, எனவே பலமுறை எண்ணப்பட்டிருக்கிறது. மலரும் கயலும் வள்ளியும் ஒன்றாக நிற்கும் குழுவைப் பார்த்து, முதலில் வந்த இருவர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "மலர் கட்டாயம் குழுவில் இருக்க வேண்டும்" என்று கணக்கு சொல்லியிருந்தால், முதலில் எடுத்தவர் மலர் என்று எப்போதும் சொல்லலாம்; அங்கே மலரை எடுத்து வைத்துவிட்டு மீதி ஒன்பது பேரில் நால்வரை நிரப்பும் ⁹C₄ = 126 என்ற விடை முற்றிலும் சரி. செயல் ஒன்றே, பெயர் சொல்லி எடுத்தோமா, பெயர் சொல்லாமல் எடுத்தோமா என்பதில்தான் வேறுபாடு.

மொத்தத்தைவிட விடை பெரிதாக வந்தால் தவறு என்னும் சோதனை ஐந்து நொடியில் முடிவது. ஆனால் அதன் எல்லையையும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். பத்து ஆண்கள், மூன்று பெண்கள், நான்கு பேர் குழு, குறைந்தபட்சம் இரண்டு பெண்கள் என்று கணக்கை மாற்றிப் பாருங்கள். எடுத்து வைத்துவிட்டு நிரப்பினால் ³C₂ × ¹¹C₂ = 3 × 55 = 165. மொத்தம் ¹³C₄ = 715. 165 என்பது 715-க்குள் அமைதியாக அடங்கிவிடுகிறது, சந்தேகமே எழாது. உண்மையான விடை 3 × 45 + 1 × 10 = 145. மூன்று பெண்களும் உள்ள பத்துக் குழுக்கள் ஒவ்வொன்றும் மூன்று முறை எண்ணப்பட்டதால், கூடுதலாக 20 வந்து சேர்ந்திருக்கிறது. பெண்களின் எண்ணிக்கை குறைவாகவும் ஆண்களின் எண்ணிக்கை அதிகமாகவும் இருக்கும்போது மிகை சிறியதாகிவிடுவதால், மொத்தத்தோடு ஒப்பிடும் சோதனை இங்கே காப்பாற்றாது. வினாத்தாள் அமைப்பவருக்கும் இந்த வழி தெரியும். நான்கு ஆப்ஷன்களில் 145-உம் 165-உம் அருகருகே இருந்தால், 165 தற்செயலாக அங்கே வந்த எண் அன்று. தன் விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பதையே சரியான விடைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பாடத்தில் மிகவும் ஆபத்தானது.

இனி, இதே செயல் சரியாக வேலை செய்யும் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரே மாதிரியான பத்து லட்டுகளை நான்கு குழந்தைகளுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு லட்டாவது கிடைக்க வேண்டும். இங்கே எல்லா ஆசிரியர்களும் சொல்லிக்கொடுக்கும் வழி, முதலில் ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது. மீதி ஆறு லட்டுகளை நான்கு பேருக்கு விருப்பம்போல் பகிர்வது. நால்வரின் பங்குகளைப் பிரித்துக்காட்ட மூன்று தடுப்புகள் போதும் என்பதால், ஆறு லட்டுகளையும் மூன்று தடுப்புகளையும் வரிசைப்படுத்தினால் ⁹C₃ = 84. விடை சரி. எடுத்து வைத்துவிட்டு நிரப்பினோம், மிகையாக எண்ணவும் இல்லை. காரணம், லட்டுகளுக்கு அடையாளம் இல்லை. ஒரு குழந்தையிடம் மூன்று லட்டுகள் இருந்தால், அவற்றில் முதலில் கொடுத்தது எது என்னும் கேள்விக்கே பொருளில்லை. எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

இந்த வெற்றியைக் கண்ட மாணவர், அடுத்த பக்கத்தில் ஐந்து வெவ்வேறு புத்தகங்களை மூன்று பேருக்கு, ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கிடைக்கும்படி கொடுக்கச் சொன்னால், அதே வழியில் இறங்கிவிடுகிறார். முதலில் மூவருக்கும் ஆளுக்கொரு புத்தகம்: 5 × 4 × 3 = 60. மீதி இரண்டு புத்தகங்களும் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம்: 3 × 3 = 9. விடை 540. ஆனால் கட்டுப்பாடே இல்லாமல் ஐந்து புத்தகங்களை மூவருக்குக் கொடுக்கும் வழிகள் மொத்தமே 3⁵ = 243 தான். புத்தகங்களுக்கு அடையாளம் உண்டு என்பதால், ஒருவரிடம் இயற்பியலும் வேதியியலும் இருந்தால், முதலில் இயற்பியலைக் கொடுத்ததாகவும் எண்ணிவிட்டோம், முதலில் வேதியியலைக் கொடுத்ததாகவும் எண்ணிவிட்டோம்.

சரியான வழி, ஒருவருக்காவது எதுவும் கிடைக்காமல் போகும் பகிர்வுகளை மொத்தத்திலிருந்து கழிப்பது. குறிப்பிட்ட ஒருவருக்கு எதுவும் இல்லை என்றால் மீதி இருவரிடம் 2⁵ = 32 வழிகள்; அந்த ஒருவரை மூன்று விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் 96 கழிக்கிறோம். ஆனால் எல்லாப் புத்தகங்களும் ஒரே ஆளிடம் போன மூன்று பகிர்வுகளையும் அதில் இருமுறை கழித்துவிட்டதால், 3-ஐத் திரும்பக் கூட்டுகிறோம். 243 − 96 + 3 = 150. எனவே கணக்கைப் படித்தவுடன் மாணவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, பொருள்கள் ஒரே மாதிரியானவையா, வெவ்வேறானவையா என்பதுதான். லட்டு, நாணயம், ஒரே நிறப் பந்து என்று வந்தால் ஒரு பாதை. புத்தகம், ஆள், எண்ணிட்ட பந்து என்று வந்தால் வேறு பாதை. கணக்கில் "ஒரே மாதிரியான" என்ற சொல்லை வட்டமிடாமல் பேனாவை எடுக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் மிகையாக எண்ணுவது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் விழுபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள். 1, 1, 2, 2, 3, 4, 5 ஆகிய ஏழு இலக்கங்களையும் பயன்படுத்தி, ஒரே இலக்கம் அடுத்தடுத்து வராதபடி எத்தனை ஏழிலக்க எண்கள் எழுதலாம்? இடைவெளி முறையை நன்றாகக் கற்ற ஒருவர் இப்படித் தொடங்குவார்: முதலில் 1-களை ஒதுக்கி வைத்துவிட்டு 2, 2, 3, 4, 5 ஆகியவற்றை 2-கள் அடுத்தடுத்து வராமல் வரிசைப்படுத்துகிறேன். மொத்த வரிசைகள் 60, 2-கள் சேர்ந்து வருபவை 24, மீதி 36. ஐந்து இலக்கங்களைச் சுற்றி ஆறு இடைவெளிகள்; அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்து 1-களை வைத்தால் ⁶C₂ = 15. விடை 36 × 15 = 540.

ஒவ்வொரு எண்ணும் ஒருமுறைதான் எண்ணப்பட்டிருக்கிறது. முதலில் எடுத்தது எது என்று முடிவைப் பார்த்துச் சொல்லவும் முடிகிறது. ஆனால் 2123145 என்னும் எண் இந்த 540-இல் இல்லை. அதில் எந்த இலக்கமும் தன்னோடு ஒட்டி நிற்கவில்லை. நிபந்தனைக்கு முழுவதும் உட்பட்டது. அதிலிருந்து 1-களை நீக்கினால் 22345 என்று 2-கள் ஒட்டிக்கொள்கின்றன. அத்தகைய வரிசைகளை நாம் தொடக்கத்திலேயே தூக்கி எறிந்துவிட்டோம். பின்னால் வரும் 1 நடுவில் புகுந்து அவற்றைப் பிரித்துவிடும் என்பதை நினைக்கவில்லை. விடுபட்டதைச் சேர்ப்பது எளிது: 2-கள் ஒட்டிய 24 வரிசைகளில், ஒரு 1 கட்டாயமாக அவற்றின் நடுவில் நிற்க வேண்டும், மற்றொரு 1-க்கு மீதி ஐந்து இடைவெளிகள். 24 × 5 = 120. ஆகவே 540 + 120 = 660.

இதையே கழித்தல் வழியாகவும் செய்யலாம். எல்லா வரிசைகளும் 7!/(2! × 2!) = 1260. 1-கள் சேர்ந்தவை 6!/2! = 360; 2-கள் சேர்ந்தவை 360; இரண்டும் சேர்ந்தவை 5! = 120. 1260 − 360 − 360 + 120 = 660. இத்தகைய கணக்குகளில், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் ஒட்டக் கூடாது என்னும்போது, கழித்தல் வழிதான் வேகமானது. இடைவெளி முறை ஒரே ஒரு வகைப் பொருள்கள் ஒட்டக் கூடாது என்னும்போது மட்டுமே நேரத்தை மிச்சப்படுத்தும். முன்பு சொன்ன கேள்விக்கு ஒரு துணைக் கேள்வி இங்கே பிறக்கிறது: நிபந்தனைக்கு உட்பட்ட எந்த முடிவை எடுத்துக் கொடுத்தாலும், என் படிகளால் அதை உருவாக்க முடியுமா? முதல் கேள்வி மிகையைப் பிடிக்கும்; இது குறைவைப் பிடிக்கும்.

கழித்தல் வழியிலும் ஒரு கண்ணி உண்டு. அது கணிதத்தைவிட மொழியைச் சார்ந்தது. ஐந்து மாணவர்களும் மூன்று மாணவிகளும் ஒரு வரிசையில் நிற்கிறார்கள். எந்த இரு மாணவிகளும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது. 8! − 6! × 3! = 40320 − 4320 = 36000 என்று எழுதுபவர்கள், "எந்த இருவரும் ஒட்டக் கூடாது" என்பதன் எதிர்ப்பதம் "மூவரும் ஒன்றாக நிற்பது" என்று கொண்டுவிட்டார்கள். உண்மையான எதிர்ப்பதம் "யாராவது இருவராவது ஒட்டி நிற்பது". மூவரில் இருவர் மட்டும் ஒட்டி, மூன்றாமவர் தள்ளி நிற்கும் வரிசைகள் எல்லாம் 36000-க்குள் தங்கிவிட்டன. சரியான விடை இடைவெளி முறையில் 5! × ⁶C₃ × 3! = 14400. ஜே.இ.இ. மெயின் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடத்தப்படுகிறது என்பதால், தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு "எந்த இருவரும்", "மூவரும்", "இருவராவது" ஆகிய சொற்களின் கடைசி அசையை நின்று படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், இந்தப் பாடத்து வினாக்களை மட்டுமாவது இரண்டு மொழிகளிலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதற்குச் செலவாகும் பத்து நொடிகள் வீணாவதில்லை.

நேரத்தைப் பற்றிப் பேசும் இடம் இப்போதுதான் வருகிறது. மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள் என்றால் சராசரியாக ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 நொடிகள். வேதியியலில் நேரடியாக விடையளிக்கக்கூடிய வினாக்களில் மிச்சம் பிடித்தால், கணிதத்தில் ஒரு வினாவுக்கு மூன்று நிமிடம் வரை கொடுக்கலாம் என்பது என் அனுபவக் கணக்கு. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 மதிப்பெண் கழிவு. விடையை எண்ணாகவே தட்டச்சு செய்யும் வினாக்களுக்கும் கழிவு உண்டு. அந்த வகை வினாக்களில் ஆப்ஷன்கள் இல்லாததால், தவறான விடை "இல்லையே" என்று நம்மை எச்சரிக்க எதுவும் இருக்காது.

இந்தப் பாடத்தில் நேரம் பெருக்கலில் போவதில்லை. தவறான வழியில் பாதி தூரம் போய்த் திரும்புவதில் போகிறது. எனவே முதல் இருபது நொடிகள் எதையும் கணக்கிடாமல், வழியைத் தேர்ந்தெடுக்க மட்டுமே என்று வகுப்பில் விதி வைத்திருக்கிறேன். "குறைந்தபட்சம்" என்ற சொல்லைப் பார்த்ததும் மொத்தத்திலிருந்து கழி என்று பல பயிற்சிக் குறிப்புகள் சொல்கின்றன. அதை நான் சொல்வதில்லை. இரு பக்கமும் எத்தனை வகைகள் என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, குறைந்த பக்கத்தில் போ என்றுதான் சொல்கிறேன். நான்கு பெண்களில் குறைந்தபட்சம் இருவர் என்றால் நேர்ப்பக்கம் 2, 3, 4 என மூன்று வகைகள், எதிர்ப்பக்கம் 0, 1 என இரண்டு வகைகள்; 252 − 6 − 60 = 186 என்று கழிப்பது சற்று விரைவு. அதே கணக்கில் குறைந்தபட்சம் மூவர் என்று இருந்தால் நேர்ப்பக்கம் இரண்டே வகைகள். கழிக்கப் போவது நேர விரயம்.

கணக்கீட்டை விரைவாக்க மனப்பாடம் செய்ய வேண்டியவை மிகக் குறைவு: 8! வரை காரணீயப் பெருக்கங்கள், n = 10 வரை சேர்வுகளின் மதிப்புகள். ¹⁰C₅ = 252 என்பது நினைவில் இருப்பவருக்கு, 336 கண்ணில் பட்டவுடன் உறுத்தும். நினைவில் இல்லாதவர் அந்தச் சோதனையைச் செய்யவே மாட்டார். அந்த அட்டவணையின் உண்மையான பயன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

வழியில் ஐயம் வந்தால் எண்களைச் சிறிதாக்கிப் பார்ப்பது மற்றொரு பழக்கம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள், இருவர் குழு, குறைந்தபட்சம் ஒரு பெண். எடுத்து வைத்துவிட்டு நிரப்பினால் 2 × 3 = 6. ஆனால் நால்வரில் இருவரை எடுக்கும் ஆறு குழுக்களில் ஒன்று ஆண்கள் மட்டுமே உள்ளது. விடை 5 என்று விரலால் எண்ணிச் சொல்லலாம். பதினைந்து நொடியில் வழி தவறு என்று தெரிந்துவிடுகிறது. ஒட்டக் கூடாத இலக்கங்களின் கணக்குக்கு 1, 1, 2, 2 என்ற நான்கு இலக்கங்களே போதும்: 1212, 2121 என்று இரண்டு எண்கள் இருப்பது கண்கூடு. இடைவெளி முறையோ 2, 2 ஒட்டாமல் வரிசைப்படுத்த வழியே இல்லை என்று பூச்சியத்தைத் தருகிறது. பெரிய கணக்கில் மறைந்திருக்கும் ஓட்டை சிறிய கணக்கில் இப்படி வெளியே தெரிந்துவிடுகிறது.

ஒரு வினாவில் வகைகளைப் பிரித்து எழுதும்போது ஐந்துக்கு மேல் போனால், அல்லது மூன்று நிமிடம் கடந்தும் வழி முடிவாகாவிட்டால், குறியிட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். திரும்பி வரும்போது பழைய ரஃப் குறிப்பைத் தொடராமல் கணக்கை முதலிலிருந்து படிக்கச் சொல்கிறேன். தவறான முதல் படியோடு திரும்பவும் ஒட்டிக்கொள்வதை அதுதான் தடுக்கிறது.

252-ஐச் சுட்டிக்காட்டிய அந்த மாணவி, சில வாரங்கள் கழித்து, ஐந்து புத்தகங்களின் கணக்கைக் கழித்தல் இல்லாமல் செய்யப் பார்ப்பதாகச் சொல்லி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது என்றால், புத்தகங்கள் 3, 1, 1 என்றோ 2, 2, 1 என்றோதான் பிரிய முடியும் என்று பார்த்திருந்தாள். முதலாவதற்கு ⁵C₃ × ²C₁ × ¹C₁ = 20, இரண்டாவதற்கு ⁵C₂ × ³C₂ × ¹C₁ = 30; பிறகு மூன்று கட்டுகளையும் மூவருக்கும் கொடுக்க 3! = 6 வழிகள்; ஆக (20 + 30) × 6 = 300. "சார், 243-ஐத் தாண்டிடுச்சு. ஆனா எங்க தாண்டுச்சுன்னு தெரியல" என்றாள்.

நான் விடையைச் சொல்லவில்லை. மேசையிலிருந்த ஐந்து புத்தகங்களை எடுத்து, மூன்றை ஒரு கட்டாகவும் மற்ற இரண்டைத் தனித்தனியாகவும் வைத்து, "இந்த ரெண்டுல முதல்ல எடுத்தது எதும்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சற்று நேரம் புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை வாங்கி 20-ஐ அடித்து 10 என்றும், 30-ஐ அடித்து 15 என்றும் எழுதினாள். ஒரே அளவுள்ள இரண்டு கட்டுகளில் எது முதலாவது என்று சொல்ல முடியாதபோது 2!-ஆல் வகுக்க வேண்டும். கட்டுகளை மூவருக்குக் கொடுக்கும் வேலையை அடுத்து வரும் 3! தானே பார்த்துக்கொள்கிறது. 25 × 6 = 150 என்று கீழே எழுதி, பக்கத்தில் 243 − 96 + 3 என்றும் எழுதி இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துக் கொடுத்தாள்.